மரத்துப்போகாத பல்லும் மறந்துபோகாத பயமும்

திண்டுக்கல் பக்கம் கடைவாய்ப்பல் வலிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கிராம்பு. அடுத்து உப்புப் போட்ட வெந்நீர். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் கடையில் 'பல்வலிக்கு ரெண்டு மாத்திரை'. புகையிலைக்குப் பேர்போன மண் இது. வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே 1948-ல் தொடங்கினார்கள். வலிக்கிற பல்லோரம் ஒரு துணுக்குப் புகையிலையை ஒதுக்கி வைத்துக்கொள்வதும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறது. வலி போனாலும் புகையிலை வாயை விட்டுப் போவதில்லை. இதெல்லாம் முடிந்து, இரண்டு இரவு தூக்கமில்லாமல், கன்னத்தைக் கையால் தாங்கியபடிதான் பல் டாக்டரிடம் போவது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால் பாதிப் பேர் 'நேரமில்லை' என்பார்கள். மனம்விட்டுப் பேசுகிறவர்கள் 'பயம்' என்பார்கள். பயப்படுகிறவரைக் கோழை என்று வீட்டில் கேலி செய்வதும் நடக்கிறது. வளர்ந்தவர்களின் பல் பயத்துக்குக் கோழைத்தனத்தைக் காரணமாகச் சொல்வது சுலபம், ஆனால் தவறு. நாம் பல் டாக்டரிடம் போவதற்கென்று தேர்ந்தெடுக்கும் நாள்தான் அந்தப் பயத்தைப் பெருமளவு உண்டாக்குகிறது என்பது என் வாதம். வலி உச்சத்தில் இருக்கும் அந்த நாளில்தான் மரத்துப்போகும் ஊசி மிகக் குறைவாக வேலை செய்யும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பல்லின் கதையைப் பின்தொடர்வோம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் எந்தப் பல் டாக்டரும் வாரத்துக்கு நாலு பேரை இப்படிப் பார்ப்பார். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் சிறு சொத்தை. சோறு போய் அடைக்கிறது. பானைத் தண்ணீர் பட்டால் சுரீரென்று ஒரு கூச்சம், இரண்டு மூன்று வினாடியில் போய்விடுகிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த கூழ் இந்தக் கட்டத்தில் எரிச்சலடைந்திருக்கிறதே தவிர கெடவில்லை. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் அதோடு முடிந்தது. ஆறேழு மாதம் கழித்துக் கூச்சத்தின் குணம் மாறுகிறது. சூடான காப்பி பட்டால் வலி வருகிறது, காப்பி தொண்டையில் இறங்கிய பிறகும் சில நிமிடம் நீடிக்கிறது. இரவில் படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் பல் தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிறது. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் நிம்மதி என்ற நிலையும் சிலருக்கு வரும். கூழ் இனித் திரும்பிச் சரியாகாது என்பதற்கு இவைதான் அடையாளம். சிலருக்கு இதற்கு நடுவில் ஒருநாள் வலி தானாகவே நின்றுவிடும். மாத்திரை கேட்டது என்று சந்தோஷப்படுவார்கள். நரம்பு செத்துப்போனதால் வந்த அமைதி அது. சில வாரத்திலோ மாதத்திலோ வேர் நுனியில் சீழ் கட்டும்.

நம் நூற்பாலைப் பெண் தெறிக்கும் கட்டத்தில் போகிறார். டாக்டர் கீழ்த்தாடையின் பின்புறம், உள்பக்கமாக ஊசி போடுகிறார். மேல்தாடை எலும்பு மெல்லியது, துளைகள் நிறைந்தது. பல்லுக்குப் பக்கத்திலேயே போட்டால் மருந்து ஊறி இறங்கிவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி கெட்டியான எலும்பு. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே போய் அதை மறிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கீழுதடு பாதி மரத்துக் கனத்துப்போகிறது. 'உதடு மரத்துடுச்சா?' என்கிறார் டாக்டர். 'ஆமா' என்கிறார் இவர். கருவி உள்ளே போகிறது. உயிர் போகிற வலி. உதடு மரத்தது உண்மை, பல் மரக்கவில்லை என்பதும் உண்மை. வீக்கம் கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். லிக்னோகைன் மருந்து அந்தச் சூழலில் நரம்புக்குள் நுழையும் வடிவத்தில் குறைவாகவே இருக்கும். அதோடு பல நாள் அழற்சியில் கிடந்த நரம்பு, சாதாரண நரம்பைவிட மிகச் சின்னத் தூண்டுதலுக்கே கத்தும் நிலைக்கு வந்திருக்கும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இப்படித் தெறிக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு அந்த ஒற்றை ஊசி பாதிப் பேருக்குக்கூட முழுமையாக வேலை செய்யவில்லை என்று வந்த ஆய்வுகள் பல. பல் மருத்துவர்களே இதற்கு 'சூடான பல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். டாக்டருக்குத் தெரிந்த இந்தச் சங்கதி நாற்காலியில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. அவர் தனக்குள் எழுதிக்கொள்ளும் தீர்ப்பு: 'எனக்கு ஊசியே பிடிக்காது.' சிலர் இன்னொரு படி போய், 'எனக்கு ஊசி அலர்ஜி' என்பார்கள். லிக்னோகைனுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது.

வலி அன்றோடு முடிந்தது, நினைவு முடியவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெர்ரி கென்ட் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எளிமையானது, ஆனால் யோசிக்க வைப்பது. சிகிச்சைக்கு முன் எவ்வளவு வலிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். முடிந்ததும் எவ்வளவு வலித்தது என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து, அன்று எவ்வளவு வலித்ததாக ஞாபகம் என்று கேட்டார். பயம் அதிகம் உள்ளவர்களின் ஞாபகம், அவர்கள் அன்று உண்மையில் பட்ட வலியோடு ஒட்டவில்லை. போவதற்கு முன் எதிர்பார்த்த வலியோடுதான் ஒட்டியிருந்தது. அதாவது வலிக்காமல் முடிந்த ஒரு நல்ல அனுபவத்தைக்கூடப் பயம் மூன்று மாதத்தில் தின்றுவிடுகிறது. அப்படியானால் பயம் வந்தபிறகு அதைக் கலைப்பது கஷ்டம் என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். ஆம், கஷ்டம்தான். அதனால்தான் முதலில் நடப்பது எது என்பது முக்கியமாகிறது. கிரஹாம் டேவி என்ற உளவியலாளர் 1989-ல் காட்டியது இதற்குத் துணை: வலி தந்த சிகிச்சைக்கு ஆளானவர்களில், அதற்கு முன்பு வலியில்லாமல் சில தடவை போய் வந்தவர்களுக்குப் பயம் ஒட்டிக்கொள்வது குறைவு. மனதில் ஏற்கெனவே சாதாரண நாற்காலியாகப் பதிந்துவிட்ட ஒன்றை ஒரு கெட்ட நாள் மட்டும் வந்து எளிதில் பேயாக்கிவிட முடியாது. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அந்த முன் அனுபவமே கிடையாது. வாழ்க்கையின் முதல் பல் டாக்டர் நாளே சூடான பல் நாளாக அமைந்துவிடுகிறது.

பயம் எல்லோருக்கும் நாற்காலியில்தான் தொடங்குகிறது என்று சொல்ல வரவில்லை. பயம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அது சிறுவயதில் தொடங்கியதாகவும், கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகமானவர்கள் வளர்ந்த பிறகே வந்ததாகவும் சொன்னதாகக் கனடாவில் டேவிட் லாக்கர் குழு 1999-ல் பதிவு செய்தது. வீட்டில் அம்மாவோ அண்ணனோ கன்னம் வீங்கித் திரும்பியதைப் பார்த்துத் தொற்றிக்கொள்ளும் பயமும் உண்டு. காதில் விழும் கதையால் வருவதும் உண்டு. நம் பக்கம் அந்தக் கதைகளில் தலையாயது, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. மேல்பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு முகத்தில் ஓடும் முக்கிளை நரம்பின் ஒரு பிரிவு. பார்வை நரம்பு முற்றிலும் வேறு பாதையில் கண்ணின் பின்னாலிருந்து நேராக மூளைக்குப் போவது. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனாலும் கதை ஏன் சாகாமல் இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு: பல் அதிகமாக விழுவதும் வெள்ளெழுத்து வருவதும் ஒரே வயதில். நாற்பத்தைந்தில் பல் பிடுங்கியவருக்கு நாற்பத்தாறில் கண்ணாடி தேவைப்பட்டால், பழி யார் மேல் விழும்?

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தொடக்கமும் இருக்கிறது. அதை நான் வெட்கம் என்பேன். திண்டுக்கல் மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும், பிறகு காவிப் பட்டையும் விழுந்துவிடும். பல்லின் மேல்பூச்சு உருவாகும் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நடந்து முடிந்துபோகிற காரியம் அது. வளர்ந்தபின் எத்தனை தடவை விளக்கினாலும் போகாது. இப்படி ஒருவர் நாற்காலியில் வாயைத் திறந்ததும், வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டரோ உதவியாளரோ 'பல்லே விளக்குறதில்லையா?' என்று கேட்டால் என்ன ஆகும்? செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியவர் மறுபடி வாயைத் திறக்கமாட்டார். ஸ்வீடனில் உல்ஃப் பெர்க்ரென் 1984-ல் விவரித்த சுழல் இதுதான்: பயம், அதனால் தள்ளிப்போடுவது, அதனால் பல் கெடுவது, கெட்ட பல்லைக் காட்ட வெட்கம், வெட்கத்தால் மேலும் தள்ளிப்போடுவது. வலியைவிடத் திட்டுக்குப் பயப்படுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வலி தந்த டாக்டர்களிலும் அனுசரணையாக நடந்துகொண்டவரை நோயாளிகள் மன்னித்துவிடுகிறார்கள், கடுகடுத்தவரைத்தான் ஆயுளுக்கும் அஞ்சுகிறார்கள் என்று 1979-லேயே பெர்ன்ஸ்டைன் குழுவின் ஆய்வு சொன்னது.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும். 'பயமாவது ஒன்றாவது, காசு இல்லை, ஒருநாள் கூலி போகும், அதனால்தான் போவதில்லை.' இதில் உண்மை நிறைய இருக்கிறது. தனியாரில் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சையும் மேலே உறையும் போட்டால் ஆலைத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். ஆனால் காசு மட்டுமே தடையென்றால், சொத்தை சிறியதாக இருக்கும்போது, அடைப்புக்கு ஆகும் செலவு அதில் சொற்பமாக இருக்கும்போதே கூட்டம் வர வேண்டும். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் ஓ.பி. சீட்டோடு காரியம் முடியும்போதும் வலி இல்லாமல் யாரும் அங்கே வரிசையில் நிற்பதில்லை. காசும் பயமும் ஒன்றையொன்று சாக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதே பொருத்தம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் செலவையும் ஏற்றுகிறது, வலிக்கும் வாய்ப்பையும் ஏற்றுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: பயம் நியாயமானதுதானே? வாணியம்பாடியில் என்ன நடந்தது? 2022-23-ல் அங்கே ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற சிலருக்கு மெலியாய்டோசிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியா நோய் மூளையைத் தாக்கி 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் சுகாதாரத் துறையும் சேர்ந்து தேடியதில், வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டில் மீது சந்தேகம் வந்து நின்றது. ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறப்பதும், மிச்சத்தைச் சரியாக மூடாமல் வைத்து அடுத்தவருக்கு எடுப்பதுமாக இருந்திருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்தவர் பயப்படக் கூடாது என்று சொல்வதற்கு எனக்கு வாயில்லை. ஆனால் இது கேள்வி கேட்க வேண்டிய பயம். கருவிகள் அடங்கிய உறை என் கண்முன் பிரிக்கப்படுகிறதா, ஊசியும் சலைனும் எனக்காகப் புதிதாகத் திறக்கப்படுகின்றனவா, கையுறை மாற்றப்படுகிறதா என்று பார்க்கலாம், வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். இதைக் கேட்கத் தெம்பு இருப்பதும் வலியில்லாத நாளில்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர் எந்தப் பாட்டிலையும் பார்க்கமாட்டார்.

எனவே என் யோசனையின் அச்சாணி இதுதான்: பயம் உள்ளவர் முதல் தடவை பல் வலிக்காத நாளில், எந்த வேலையும் செய்துகொள்ளாமல், பார்த்துவிட்டு மட்டும் வர வேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம்: 'எனக்குப் பல் ஆஸ்பத்திரின்னாலே பயம். இன்னைக்குப் பார்த்தா மட்டும் போதும், ஊசி வேண்டாம்.' இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. பயத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐந்து கேள்வி அளவுகோல் ஒன்று உண்டு. நாளைக்கு சிகிச்சை என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி, துளைக்கும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 25-க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 2009-ல் எடுத்த கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களில் 12 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். தமிழ் வடிவத்தையும் சென்னையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டோக்கன் கொடுக்கும்போதே அந்த ஐந்து கேள்வியையும் நீட்டினால் இரண்டு நிமிடம் ஆகும். எதற்குப் பயம் என்பதும் அதில் தெரிந்துவிடும். ஊசிக்குப் பயப்படுகிறவருக்கும் துளைக்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறவருக்கும் மருந்து வேறு. சந்திப்பை முடிந்தவரை காலையில் முதல் ஆளாக வைத்துக்கொள்வது நல்லது. மாலை ஆறு மணிக்கு டோக்கன் வாங்கிவிட்டு நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சாவதைவிட அது மேல். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை; மயக்க மருந்து கொடுக்கும் திட்டம் இல்லையென்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

வேலை நடக்கிற நாளைப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக ஆக்கும் சங்கதிகள் சின்னவைதான். இடது கையைத் தூக்கினால் டாக்டர் உடனே நிறுத்துவார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது அவற்றில் முதன்மையானது. அதைப் பேசிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. தொடக்கத்திலேயே ஒருமுறை கையைத் தூக்கிப் பார்த்து, நிஜமாக நிறுத்துகிறாரா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். நிறுத்த முடியும் என்று தெரிந்தவருக்கு நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஊசிக்கு முன் ஈறைத் துடைத்து உலர்த்தி, மரக்கும் ஜெல்லைத் தடவி ஒரு நிமிடமாவது விட வேண்டும். எச்சில் ஊறிய ஈறில் தடவினால் ஜெல் தொண்டைக்குத்தான் போகும். மருந்தை மெல்ல இறக்க வேண்டும், ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஊசி போட்ட கையோடு கருவியை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். மருந்தோடு கலந்த அட்ரினலின் ஓரளவு ரத்தத்தில் சேர்ந்தால் இரண்டொரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். 'இது மருந்தால் வருவது, இப்போ போயிடும்' என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அந்தப் படபடப்பைப் பயமாகவோ மாரடைப்பாகவோ எடுத்துக்கொள்வார்கள். அதேபோல் மரத்த பல்லில் வலி தெரியாது, ஆனால் அழுத்தம் தெரியும், எலும்பு நெறிபடும் சத்தம் கேட்கும். இதை முன்பே சொல்லிவைத்தால், அழுத்தத்தை வலி என்று மனம் மொழிபெயர்ப்பது குறையும்.

சரி, வலி வந்த பிறகுதான் போக நேர்ந்துவிட்டது, அப்போது? உதட்டைக் கேட்பதோடு விடாமல் பல்லையே கேட்க வேண்டும். குளிர் ஸ்பிரே நனைத்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். உணர்வு இருந்தால் ஆரம்பிக்கக் கூடாது. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இன்னொரு ஊசி, கன்னப்பக்கம் ஆர்ட்டிகைன் என்ற மருந்து என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரூஃபன் வகை மாத்திரை கொடுத்தால் தாடை ஊசி வேலை செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மருந்து என்று எதுவும் இருந்தால் அது ஆகாது, ஆகவே டாக்டர் சொல்லாமல் வாங்கி விழுங்கும் மாத்திரையும் அதுவல்ல. கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பல்லுக்குள் தெறிக்கும் வலியை அது குறைப்பதில்லை. கழுத்துப்பக்கம், தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் மட்டும் இந்தக் கட்டுரையின் பொறுமை எதுவும் செல்லாது. பயத்தோடேயே அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டி மயங்கி விழுகிறவர்கள் தனி ரகம். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், இவர்களுக்கு ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும். 'ரிலாக்ஸாக இருங்கள்' என்று இவர்களிடம் சொல்வது எதிர்விளைவு. நாற்காலியை முழுக்கச் சாய்த்து, கால்களைக் குறுக்காகப் போட்டுத் தொடையையும் வயிற்றையும் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் வகுத்த முறை இது, செலவே இல்லாதது.

எதற்கு இத்தனை பாடு, மயக்கம் கொடுத்து ஒரேயடியாக முடித்துவிடக் கூடாதா என்பார்கள். கூடும், சிலருக்கு அதுதான் வழி. முழு மயக்கத்துக்கு மயக்கவியல் மருத்துவரும் ஆஸ்பத்திரி வசதியும் வேண்டும், செலவு பல மடங்கு. அதைவிட முக்கியமாக, தூங்கிக்கொண்டு செய்துகொண்ட சிகிச்சையிலிருந்து மனம் எதையும் கற்பதில்லை. அடுத்த சொத்தைக்கு அதே பயம் அப்படியே நிற்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2015-ல் வெளியிட்ட கணக்கு இதில் பார்க்கத்தக்கது. கடும் பயம் கொண்ட 130 பேருக்கு மனப்பயிற்சி சிகிச்சை கொடுத்தார்கள். 79 சதவீதம் பேர் பிறகு மயக்க மருந்தே இல்லாமல் பல் சிகிச்சை செய்துகொண்டார்கள், 6 சதவீதம் பேருக்கு மட்டும் மயக்க மருந்து தேவைப்பட்டது. அங்கே அதற்கென்று உளவியலாளர்கள் இருந்தார்கள். நம் தாலுகா ஊர்களில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதன் சாரம் படிப்படியாகப் பழகுவதுதான்: ஒருநாள் பார்த்துவிட்டு வருவது, இன்னொரு நாள் சுத்தம் மட்டும், அதற்கடுத்து சின்ன அடைப்பு, கடைசியாக ஊசி.

கடைசி மறுப்பு டாக்டர்களிடமிருந்து வரும், அது எரிச்சலோடு வந்தாலும் நியாயம்: 'வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது கையைத் தூக்கு, காத்திரு, ஐந்து கேள்வி என்றால் ஓ.பி. எப்போது முடியும்?' கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சூடான பல்லோடு வருகிறவருக்கு முதல் ஊசி, காத்திருப்பு, அலறல், இரண்டாவது ஊசி, மறுபடி காத்திருப்பு, பாதியில் எழுந்து ஓடுவது, நாலு நாள் கழித்து வீக்கத்தோடு திரும்புவது. வேர் சிகிச்சை என்றால் அதன்மேல் இன்னும் இரண்டு மூன்று சந்திப்பு. அதே பல் சோறு அடைக்கிற கட்டத்தில் வந்திருந்தால் இருபது, முப்பது நிமிடத்தில் ஒரே அடைப்பு. பல நேரம் ஊசியே தேவைப்பட்டிருக்காது. நேரம் இரண்டிலும் செலவாகத்தான் போகிறது. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் வாரத்தில் ஒரு மதியத்தை வலியில்லாதவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, ஆலை ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பார்த்து வைத்தால் போதும். அப்படி வருகிறவர்களின் வாயைத் திறந்து பார்க்கும்போது புகையிலை ஒதுக்கிய கன்னத்தையும் பார்த்துவிடலாம். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிய வாய் இவையெல்லாம் பெரும்பாலும் வலிக்காமல் வருபவை. வலிக்காத நாளில் வாயைத் திறக்கச் சொன்னால் ஒழிய அவை யார் கண்ணிலும் படாது.